வட்டி ஏட்டில் பழைய வரியை அழிக்க வேண்டாம்

பாரத ஸ்டேட் வங்கி 2024 ஜூலையில் ‘அம்ரித் விருஷ்டி’ என்ற பெயரில் 444 நாள் வைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பொதுமக்களுக்கு 7.25 சதவீத வட்டி. அறுபது வயது கடந்தவர்களுக்கு அரை சதவீதம் கூடுதலாக 7.75. ஒன்பது மாதம் அப்படியே நின்ற அந்த விகிதம், 2025 ஏப்ரல் 15 அன்று மூத்த குடிமக்களுக்கு 7.55 ஆனது. மே 16 அன்று 7.35. ஜூன் 15 அன்று 7.10. இரண்டே மாதத்தில் மூன்று படி இறக்கம். ஏப்ரல் 14 அன்று 10 லட்சம் போட்ட ஒருவருக்கும், ஜூன் 16 அன்று அதே 10 லட்சத்தைப் போட்டவருக்கும் 444 நாள் முடிவில் கிடைக்கும் பணத்தில் சுமார் 8,500 ரூபாய் வித்தியாசம்.

இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் ரிசர்வ் வங்கியின் தேதிகளை வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அந்த ஆண்டின் முதல் பாதியில் ரெப்போ விகிதம் பிப்ரவரி 7, ஏப்ரல் 9, ஜூன் 6 ஆகிய நாட்களில் குறைக்கப்பட்டது. பிப்ரவரிக் குறைப்புக்கு இந்தத் திட்டம் அசையவே இல்லை. ஏப்ரல் அறிவிப்பு வந்து ஆறாம் நாள் வட்டி இறங்கியது. மே மாதம் ரிசர்வ் வங்கியின் கூட்டமே கிடையாது, ஆனாலும் இறங்கியது. ஜூனில் ஒன்பது நாள் கழித்து இறங்கியது. அதாவது, ரெப்போ செய்தியை மட்டும் கவனிப்பவருக்கு மே மாத மாற்றம் தெரிந்திருக்காது. மாதம் ஒருமுறை பார்ப்பவர் ஏப்ரல், ஜூன் இரண்டிலும் கிடைத்த அந்தச் சில நாள் அவகாசத்தைத் தவறவிட்டிருக்கலாம். தினமும் பார்ப்பதற்கோ இதில் ஒன்றுமில்லை. வாரம் ஒருமுறை என்பதுதான் இந்த வேலைக்குப் பொருந்தும் இடைவெளி.

வைப்பு போடும் நாளில் என்ன விகிதமோ அதுதான் முதிர்வு வரை. பிறகு வங்கி வட்டியைக் குறைத்தாலும் கூட்டினாலும் போட்ட பணத்தைத் தொடாது. ஆகவே ஓய்வுபெற்றவருக்கு இந்த விகிதங்கள் கையில் பணம் திரும்பி வரும் அந்தச் சில நாட்களில்தான் முக்கியம் என்று தோன்றும். நானும் இந்த ஏட்டை அந்த நாட்களுக்காகத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் அதைவிடப் பெரிய பயன் ஒன்று, பழைய வரிகளில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

என் சித்தப்பா ஒரு அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். கையில் வந்த மொத்தத் தொகையில் பாதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டுவிட்டார். அது 2023 ஏப்ரலிலிருந்து 8.2 சதவீதம், அரசின் பொறுப்பு, காலாண்டுக்கு ஒருமுறை வட்டி. ஒருவருக்கு 30 லட்சம் வரை போடலாம். மீதிப் பாதியை மூன்று வங்கிகளில் எஃப்.டி.யாகப் பிரித்து வைத்திருக்கிறார். அந்த மீதிப் பாதிக்காகத்தான் நாங்கள் இருவரும் சனிக்கிழமை காலையில் உட்காருகிறோம். அவர் வங்கியின் பக்கத்தைத் திறந்து வாசிப்பார், நான் தாளில் ஏற்றுவேன்.

தாள் என்றால் கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல். நீளக் கணக்குப் புத்தகமும் போதும். கூட்டல், வட்டிக் கணக்குக்குக் கணினித் தாள் வசதி, அவ்வளவே. அதில் இரண்டு பக்கங்கள். முதல் பக்கம் வங்கிகளின் விகிதம், இரண்டாவது நம் வைப்புகள்.

விகிதப் பக்கத்தில் நாம் பார்த்த தேதி, வங்கி, அந்த விகிதம் அமலுக்கு வந்த தேதி, கால வரம்பு, பொது விகிதம், மூத்த குடிமக்கள் விகிதம், குறிப்பு என்று ஏழு பத்திகள் போதும். வங்கியின் சொந்த இணையப் பக்கத்தைத் தவிர வேறெங்கிருந்தும் எண் எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. பல வங்கிகளின் வட்டியை ஒரே பட்டியலாகத் தரும் தளங்கள் வசதியானவைதான், ஆனால் ஒரு வங்கி நேற்று மாற்றியதை அவை எப்போது மாற்றும் என்பதற்கு உறுதி இல்லை. வங்கியின் பக்கத்தில் அட்டவணைக்கு மேலேயே ‘w.e.f.’ என்று போட்டு ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி போன வாரம் குறித்ததுதான் என்றால் அந்த வங்கியின் வேலை முடிந்தது. எண்களைத் தடவிப் பார்க்கக்கூட வேண்டாம்.

அட்டவணைகளும் பல இருக்கும். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கு ஒன்று, 3 கோடி ரூபாயும் அதற்கு மேலும் போடுபவர்களுக்கு ஒன்று என்று. நமக்கானது ‘3 கோடிக்குக் கீழ்’ என்று தலைப்பிட்ட உள்நாட்டு வைப்பு அட்டவணை.

“இந்த வாரமும் ஒண்ணும் மாறலையே, எதுக்கும்மா எழுதணும்?” என்று ஆரம்பத்தில் கேட்டார் சித்தப்பா.

“மாறலைன்னுதான் சித்தப்பா எழுதணும். இல்லைன்னா அந்த வாரம் பாக்கலையா, பாத்து மாறலையான்னு பின்னாடி தெரியாது.”

அதனால் மாற்றமில்லாத வாரத்துக்கு ஒரே வரி. தேதி, ‘மாற்றமில்லை’. மாறிய வாரத்தில் அந்த வங்கியின் அட்டவணை முழுவதையும், நமக்கு வேண்டாத காலங்கள் உட்பட, புது வரிகளாகக் கீழே சேர்க்கிறோம். பழைய எண்ணின் மேல் புது எண்ணை அடிப்பதில்லை. பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்தான். வங்கிக்கு ஒரு வரி வைத்துக்கொண்டு, எண் மாறும்போது பழையதை அழித்துவிடுவார்கள். பார்க்கத் தாள் சுத்தமாக இருக்கும். ஆனால் ஒரு நாள் அந்த அழிந்த எண்தான் தேவைப்படும்.

எப்போது என்றால், வைப்பை முதிர்வுக்கு முன் முடிக்கலாமா என்று யோசிக்கும்போது. ஐந்தாண்டு வரிச்சேமிப்பு வைப்பு போன்ற சிலவற்றைத் தவிர, சாதாரண எஃப்.டி.யை எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம். தனிநபர் வைப்பு 1 கோடி ரூபாய் வரை இந்த வசதி கட்டாயம் இருக்க வேண்டும் என்பது 2023 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் முன்கூட்டி முடித்தால் ரசீதில் அச்சிட்டிருக்கும் வட்டி கிடைக்காது. பொதுவான வழக்கம் இது: பணம் உண்மையில் எத்தனை காலம் இருந்ததோ, அந்தக் காலத்துக்கு, வைப்பு போட்ட நாளில் அந்த வங்கி என்ன விகிதம் வைத்திருந்ததோ அதை எடுத்துக்கொள்வார்கள். அதிலிருந்து அபராதமாக அரை சதவீதமோ ஒரு சதவீதமோ கழிப்பார்கள். மூன்றாண்டுக்குப் போட்டு ஓராண்டில் எடுத்தால், போட்ட அன்றைய ஓராண்டு விகிதம் என்ன என்பதே கேள்வி. ரசீதில் அது இருக்காது. வங்கியின் பக்கத்தில் இப்போது இருப்பது இன்றைய அட்டவணை. அன்றைய அட்டவணை நம் ஏட்டில்தான் இருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஆனால் சூழ்நிலை நிஜமானது. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.50 வரை ஏறியது. வைப்பு வட்டிகளும் பின்னாலேயே ஏறின. அதற்குச் சற்று முன் ஒருவர் 5 லட்சத்தை மூன்றாண்டுக்கு 6 சதவீதத்தில் போட்டுவிட்டார் என்று கொள்வோம். ஓராண்டு கழித்து இரண்டாண்டு வைப்புக்கு 7.50 தருகிறார்கள். பழையதை உடைத்துப் புதியதில் போடலாமா?

உடைக்காமல் விட்டால் முதிர்வில் என்ன வரும் என்பதைத் தாளில் இப்படிக் கேட்கலாம். எஃப்.டி.யில் வட்டியை எடுக்காமல் விட்டால் அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேரும். அதனால் ஆண்டு விகிதத்தை நான்கால் வகுத்து, மூன்றாண்டுக்குப் பன்னிரண்டு காலாண்டு என்று கொடுக்க வேண்டும்.

```
=FV(6%/4, 12, 0, -500000)
```

விடை சுமார் 5,97,809 ரூபாய். இனி உடைக்கும் பக்கம். ஏட்டைப் புரட்டினால், போட்ட நாளில் அந்த வங்கியின் ஓராண்டு விகிதம் 5.50 என்று எழுதியிருக்கிறது. அபராதம் 0.50. ஆகவே கழிந்த ஓராண்டுக்குக் கிடைப்பது 5 சதவீதம்தான். அப்படிக் கையில் வரும் 5,25,473 ரூபாயை 7.50 வட்டியில் இரண்டாண்டு போட்டால்:

```
=FV(7.5%/4, 8, 0, -FV(5%/4, 4, 0, -500000))
```

விடை சுமார் 6,09,665. உடைப்பதில் ஏறத்தாழ 11,850 ரூபாய் ஆதாயம். உடைத்துவிடலாம்.

இதே முடிவை அவர் இன்னும் ஓராண்டு தள்ளிப்போட்டிருந்தால்? போட்ட நாளில் இரண்டாண்டு விகிதம் 5.70 என்று ஏடு சொல்கிறது. அபராதம் போக 5.20. இரண்டாண்டுக்கு அந்த வட்டியோடு எடுத்து, மீதமுள்ள ஓராண்டுக்கு 7.50-ல் போட்டால் முடிவில் வருவது சுமார் 5,97,195. உடைக்காமல் விட்டிருந்தால் வந்திருக்கும் 5,97,809-ஐவிட 600 ரூபாய் குறைவு. புதிய வட்டி ஒன்றரை சதவீதம் கூடுதலாக இருந்தும் நஷ்டம். இழப்பு கழிந்த காலம் முழுவதற்கும், ஆதாயம் மிச்சமுள்ள காலத்துக்கு மட்டும் என்பதால், கழிந்தது நீள நீள உடைப்பது பலனற்றுப் போகிறது. வட்டி ஏறும் காலத்தில் முதல் சில மாதங்களிலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இதைச் செய்யத் தேவைப்பட்ட எண்கள் ஐந்து: பழைய விகிதம், புதிய விகிதம், அபராதம், அன்றைய ஓராண்டு விகிதம், அன்றைய இரண்டாண்டு விகிதம். கடைசி இரண்டும் நமக்குத் ‘தேவையில்லாதவை’ என்று போட்ட நாளில் விட்டுவிடக்கூடியவை. அட்டவணை முழுவதையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான். அபராத விதியை வங்கிக்கு வங்கி கேட்டு, குறிப்புப் பத்தியில் போட்டுவிடுவது நல்லது. மூத்த குடிமக்களுக்கு விதிவிலக்கு தருகிறார்களா என்றும் அப்போதே கேட்டுவிடலாம்.

ஒப்பிடும்போது ஏமாறும் இடங்கள் சில உண்டு. முதலாவது கால வரம்பு. ஒரு வங்கி ‘1 ஆண்டு முதல் 2 ஆண்டுக்குக் குறைவாக’ என்று போடும். இன்னொன்று ‘1 ஆண்டுக்கு மேல் 2 ஆண்டு வரை’ என்று போடும். சரியாக இரண்டு ஆண்டு என்பது முதல் வங்கியில் அடுத்த படியில் விழும், இரண்டாவதில் இந்தப் படியிலேயே நிற்கும். ஒரு நாள் கூட்டியோ குறைத்தோ போட்டால் கால் சதவீதம் மாறுவதும் உண்டு. அதனால் கால வரம்பை ஆண்டாக எழுதாமல், முதல் நாள் எத்தனை, கடைசி நாள் எத்தனை என்று நாள் கணக்கில் எழுதினால் 444 நாள் போன்ற சிறப்புத் திட்டங்களும் தானாகவே தங்கள் இடத்தில் வந்து உட்காரும்.

இரண்டாவது, விளம்பரத்தில் வரும் பெரிய எண். 7 சதவீத வட்டியில் ஐந்தாண்டு போட்டால் 1 லட்சம் 1,41,478 ஆகும். அந்த 41,478-ஐ ஐந்தால் வகுத்து ‘ஆண்டுக்கு 8.30 சதவீத ஈட்டு விகிதம்’ என்று போட்டால் பொய்யில்லை, ஆனால் வேறு வங்கியின் 7.25 வட்டியோடு அதைப் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு தப்பாகிவிடும். தாளில் ஏறவேண்டியது ஆண்டு வட்டி விகிதம் மட்டுமே.

மூன்றாவது, மாத வட்டி. ஓய்வூதியம் இல்லாதவர்கள் மாதச் செலவுக்காக இதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். காலாண்டு முடிவில் தரவேண்டிய வட்டியை முன்கூட்டியே மாதாமாதம் தருவதால் வங்கி சிறு தள்ளுபடி செய்துகொள்ளும். 10 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் மாதம் 5,833 வரும் என்று மனக்கணக்குப் போடுவோம். வருவது 5,800 அளவில் இருக்கும். வங்கி ஏதோ பிடித்துவிட்டது என்று பதற வேண்டியதில்லை, எல்லா வங்கியிலும் இதே முறைதான்.

வருமான வரியைப் பற்றி இந்தத் தாளில் நான் எதுவும் எழுதுவதில்லை. எஃப்.டி. வட்டிக்கு எந்த வங்கியானாலும் ஒரே வரி. எது முந்துகிறது என்ற வரிசையை அது மாற்றாது.

எவ்வளவு வித்தியாசம் வந்தால் வங்கி மாறலாம்? 5 லட்சத்துக்கு 0.05 சதவீதம் என்பது ஆண்டுக்கு 250 ரூபாய். புது வங்கியில் கணக்குத் திறக்க ஆதார், பான், புகைப்படம் எடுத்துக்கொண்டு இரண்டு முறை ஆட்டோவில் போய்வந்தால் அது கரைந்துவிடும். கால் சதவீதத்துக்குக் கீழே உள்ள வித்தியாசத்துக்கு, ஏற்கெனவே கணக்கு இல்லாத வங்கிக்குப் போக வேண்டாம் என்பது எங்கள் தீர்மானம். உங்கள் தொகை பெரிதென்றால் எல்லையைக் குறைத்துக்கொள்ளலாம்.

தாளில் பொதுவாக மேலே வந்து நிற்பவை சிறு நிதி வங்கிகள். அவற்றைக் கண்டு ஒதுங்கவும் வேண்டாம், மொத்தப் பணத்தையும் அங்கே கொண்டுபோகவும் வேண்டாம். வைப்புக் காப்பீட்டுக் கழகத்தின் பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை. 2020 பிப்ரவரி 4 முதல் இதுதான் வரம்பு. ஆனால் அந்த 5 லட்சத்தில் அசலும் வட்டியும் சேர்த்தி. அதே வங்கியின் வேறு கிளையில் உள்ள வைப்பும், சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பணமும் சேர்த்தி. 8 சதவீதத்தில் ஓராண்டுக்குப் போடுவதென்றால் 4,60,000 போட்டால் முதிர்வில் 4,97,919 ஆகும். அதுதான் எல்லை. இரண்டாவது பக்கத்தில் முதிர்வுத் தொகைக்கு ஒரு பத்தி வைத்து வங்கிவாரியாகக் கூட்டிப் பார்ப்பது இதற்காகவே. B பத்தியில் வங்கியின் பெயரும் F பத்தியில் முதிர்வுத் தொகையும் இருந்தால்:

```
=SUMIFS(F:F, B:B, "வங்கியின் பெயர்")
```

நிதி நிறுவனங்கள் வாங்கும் வைப்புகளுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. அவற்றின் வட்டியை இதே அட்டவணையில் வங்கிகளோடு கலந்து எழுதினால் கண் அங்கேதான் போகும். நாங்கள் அவற்றைத் தாளிலேயே சேர்ப்பதில்லை.

இரண்டாவது பக்கத்தின் மற்ற பத்திகள் வங்கி, யார் பெயரில், தொகை, போட்ட தேதி, முதிர்வுத் தேதி, விகிதம், நியமனதாரர். கடைசியில் ஒரு பத்தி, முதிர்வுக்கு இன்னும் எத்தனை நாள் என்று தானே காட்டும். முதிர்வுத் தேதி E பத்தியில் இருந்தால் இரண்டாம் வரியில் `=E2-TODAY()` என்று போட்டு, அதை நாளாகக் காட்டாமல் எண்ணாகக் காட்டச் சொல்ல வேண்டும். அந்த எண் முப்பதுக்குக் கீழே இறங்கிய வைப்பு இருந்தால்தான் அந்த வாரம் உண்மையான முடிவு எடுக்கும் வாரம். மற்ற வாரங்களில் குறித்துவைப்பதோடு வேலை முடிந்தது.

முடிவு எடுக்கும் வாரத்தில் முதலில் பார்ப்பது, அந்த வைப்பு தானாகப் புதுப்பிக்கும்படி போடப்பட்டதா என்பதை. தானாகப் புதுப்பித்தால் அன்றைய விகிதத்தில்தான் போடுவார்கள், பழைய விகிதத்தில் அல்ல. 7.75-ல் போட்டது 7.10-ல் புதுப்பிக்கப்பட்டு, அடுத்த முதிர்வின்போதுதான் அது தெரியவரலாம். சிறப்புத் திட்டமே நிறுத்தப்பட்டிருந்தால் சாதாரண அட்டவணையின் விகிதத்துக்குப் போய்விடும். பாரத ஸ்டேட் வங்கியின் 400 நாள் ‘அம்ரித் கலஷ்’ 2025 மார்ச் 31-உடன் மூடப்பட்டது நினைவிருக்கலாம். தானாகப் புதுப்பிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வேறொரு ஆபத்து. முதிர்ந்தும் எடுக்காமல், புதுப்பிக்காமல் கிடக்கும் பணத்துக்குச் சேமிப்புக் கணக்கு வட்டியோ, பழைய ஒப்பந்த வட்டியோ, எது குறைவோ அதுதான் கிடைக்கும். முதிர்வுப் பணம் சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடும்படி எழுதிக் கொடுத்துவிட்டு, முப்பது நாள் முன்பே எங்கே போடுவது என்று தீர்மானித்துக்கொள்வது சித்தப்பாவுக்கு ஒத்துவந்திருக்கிறது. அந்த முப்பது நாளில் ரிசர்வ் வங்கிக் கூட்டம் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். தேதிகள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன.

எல்லா வைப்பும் ஒரே மாதத்தில் முதிரும்படி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தாள் அதிகம் உதவாது. அந்த மாதம் வட்டி இறங்கியிருந்தால் மொத்தமும் இறங்கிய விகிதத்தில் மாட்டும். சித்தப்பாவின் எஃப்.டி.கள் காலாண்டுக்கு ஒன்று முதிரும்படி பிரிந்திருக்கின்றன. அடுத்த ஆண்டு வட்டி ஏறுமா இறங்குமா என்று ஏடு சொல்லாது, யாராலும் சொல்லவும் முடியாது. காலாண்டுக்கு ஒரு பங்கு என்று போகும்போது ஏற்றத்திலும் கொஞ்சம், இறக்கத்திலும் கொஞ்சம் கிடைக்கும்.

தாளில் வைப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போதும். இணைய வங்கிக் கடவுச்சொல் எதையும் எழுதக் கூடாது. காலாண்டுக்கு ஒருமுறை இரண்டாவது பக்கத்தை அச்செடுத்துச் சித்தியிடம் கொடுத்துவிடுகிறோம். ரசீதுகள் இருக்கும் உறையிலேயே அதையும் வைத்திருக்கிறார். கணினியைத் திறக்காமலேயே எந்த வங்கியில் எவ்வளவு, எப்போது முதிர்கிறது, நியமனதாரர் யார் என்று அவருக்குத் தெரியும்.